ஒரு தாளில் அடங்காத பத்திரம்

நியோ அக்காவுக்கு இரண்டாவது தாள் என்றாலே ஆகாது. நாற்பது பக்கப் பத்திரத்தை மேசையில் போட்டாலும் அதன் சாரத்தை ஒரே தாளில் எழுதித் தருவார். ஒரு பக்கம் மட்டும், பின்பக்கம் காலி. "ரெண்டாவது தாளை எவன் படிக்கிறான்? முதல் தாளை ஃபிரிட்ஜ்ல ஒட்டுவான். ரெண்டாவதுல மீன் சுத்துவான்" என்பார். பினாங்கில் லெபோ பந்தாய் தெருவில் இருக்கும் எங்கள் வக்கீல் ஆபீசில் அவர் முப்பத்தொரு வருஷம் கிளார்க்கு. முழுப் பெயர் கோர் சுவீ நியோ. நான் கதிரேசன், கோர்ட்டுக்கும் நில அலுவலகத்துக்கும் காகிதம் சுமக்கிறவன். இருபது வருஷமாக அவருக்குப் பக்கத்து மேசை. அவரோடு நான் போட்ட சண்டைகளை எழுதினால் அதற்கும் நாற்பது பக்கம் ஆகும்.

ஜெலுத்தோங்கில் ஒரு பஸ் டிரைவரின் மூத்த மகள் அவர். சட்டம் படிக்க ஆசை. அதற்கு வீட்டில் வழியில்லை. இருபத்து நாலு வயதில் டைப்பிஸ்டாக வந்து சேர்ந்தவர், டைப் அடித்த பத்திரங்களை எல்லாம் வாசித்து வாசித்தே தொழிலைக் கற்றுக்கொண்டார். பென்சில் மூன்று வைத்திருப்பார். சொத்தைப் பொறுப்பில் வைத்திருக்கும் டிரஸ்டி இதைச் செய்யலாம் என்று இருக்கும் இடத்தில் பச்சை. செய்தே ஆக வேண்டும் என்றால் சிவப்பு. யாரையாவது கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்றால் நீலம். பத்திரத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்கத் தொடங்குவார். வில்லங்கம் எல்லாம் வாலில்தான் ஒளிந்திருக்கும் என்பது அவர் கட்சி.

போன மார்ச் மாதம் யோ பீ லெங் எங்கள் ஆபீசுக்கு வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். வீட்டிலேயே குவே பலகாரம் செய்து விற்கிறவள். கையில் ஒரு டப்பா நிறைய ஆங் கூ என்ற சிவப்புக் கொழுக்கட்டை. கூடவே தம்பி பூன் கியாட். முப்பத்தெட்டு வயது, மனசு எட்டு வயதுக்காரனுடையது. வந்ததும் டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒன்று என்று எடுத்துக் கொடுத்தான். எனக்கு மட்டும் இரண்டு. ஏன் என்று கேட்டதற்கு, "நீ குண்டு" என்றான். ஆபீசே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது, ஆனாலும் இரண்டையும் தின்றேன்.

விஷயம் இதுதான். அவர்கள் அப்பா சாவதற்கு முன் ஒரு டிரஸ்ட் பத்திரம் எழுதி, குடியிருக்கும் வீட்டையும் வாடகைக்கு விட்ட இரண்டு கடைகளையும் இரண்டு டிரஸ்டிகள் பெயரில் வைத்துவிட்டுப் போயிருந்தார். ஒருவர் தாய்மாமா லிம் எங் சூன். இன்னொருவர் மாமாவின் சிநேகிதர் யாப். மாமா எங்கே விரலை வைக்கிறாரோ அங்கே கையெழுத்துப் போடுகிற மனுஷன். இப்போது மாமாவிடமிருந்து கடிதம் வந்திருந்தது: வீட்டை ஒரு ஹோட்டல்காரருக்கு விற்கப் போகிறோம், பூன் கியாட்டைக் கடல் தாண்டி அக்கரையில் ஒரு காப்பகத்தில் சேர்க்கப் போகிறோம்.

"போய்க் கேட்டேன் அக்கா. 'பத்திரத்துல எல்லாம் எங்க இஷ்டம்னு இருக்கு, உனக்குப் புரியாது'ங்கறாரு. இவன் ராத்திரி அந்தக் கட்டில்ல படுத்தாதான் தூங்குவான். அம்மா செத்தப்போ பெரியம்மா வீட்டுல ரெண்டு நாள் வெச்சிருந்தோம். ரெண்டு நாளும் கண்ணை மூடல. ஒரு வாய் சாப்பிடல" என்றாள் பீ லெங்.

'உனக்குப் புரியாது' என்ற வார்த்தைதான் நியோ அக்காவுக்கு விஷம். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"பத்திரத்தோட நகல் இருக்கா?"

"இருக்கு. ஆனா நான் அதைப் பார்க்கலாமான்னே..."

"பயனாளி நீங்க. நீங்க பார்க்காம வேற யாரு பார்க்கறது, பக்கத்து வீட்டுக்காரனா? கொடுங்க."

இரண்டு நாளில் தாள் தயார். எங்கள் வக்கீல் ஐரீன் டி சூசா மேடம் அதன் அடியில் சின்னதாகக் கையெழுத்து வைத்தார். பீ லெங்கை உட்கார வைத்து நியோ அக்கா ஒவ்வொரு வரியாகச் சொன்னார். பக்கத்தில் எந்தப் பிரிவு என்று எண் போட்டிருந்தது.

"முதல்ல, இவங்களுக்கு என்ன அதிகாரம். வாடகைக்கு விடலாம், முதலீடு பண்ணலாம், விற்கலாம். ஆமா, வீட்டையும் விற்கலாம். மூஞ்சியைத் தொங்கப் போடாதீங்க, முழுசாக் கேளுங்க. வீட்டை விற்கணும்னா ரெண்டு டிரஸ்டியும் சேர்ந்து, 'இது பூன் கியாட்டோட நன்மைக்குத்தான்'னு எழுதிக் கையெழுத்துப் போடணும். அப்புறம் உங்களுக்கும் உங்க தங்கச்சிக்கும் அறுபது நாள் முன்னாடி எழுத்துல சொல்லணும். அந்தக் கடிதம்தான் இது. மே ரெண்டாம் தேதி வரைக்கும் விற்க முடியாது."

"அப்புறம்?"

"அடுத்தது, யாருக்கு என்ன போகணும். கடை வாடகை முதல்ல பூன் கியாட்டுக்கு. சாப்பாடு, வைத்தியம், அவர் பகல்ல போற சிறப்புப் பள்ளி எல்லாத்துக்கும். இது அவங்க இஷ்டம் இல்ல, கட்டாயம். பாருங்க, சிவப்பு. அதுக்கு மேல மிச்சம் இருந்தா உங்க ரெண்டு பேருக்கும் கொடுக்கலாம், கொடுக்காமலும் சேர்த்து வைக்கலாம். அது மட்டும்தான் அவங்க இஷ்டம், பச்சை. பூன் கியாட்டோட காலத்துக்கு அப்புறம் எல்லாம் உங்க ரெண்டு பேருக்கும் சரிபாதி."

பீ லெங் அந்தச் சிவப்பு வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஒன்பது வருஷமாக ஒவ்வொரு மாதமும் பள்ளிக்கான காசை மாமாவிடம் பிச்சை கேட்கிற மாதிரி கேட்டு வாங்கியிருக்கிறாள், பாவம். அது தம்பிக்குச் சேர வேண்டியது என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

"கடைசியா, டிரஸ்டியை நீக்கறது. நீங்களும் தங்கச்சியும் சேர்ந்து ஒரு பத்திரம் எழுதினா எந்த டிரஸ்டியையும் நீக்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்ல. அவர் கையில கொடுத்த நாள்லேர்ந்து முப்பதாவது நாள் அது செல்லும். அவருக்குப் பதிலா புது ஆளை நியமிக்கணும், ரெண்டு பேருக்குக் குறையக் கூடாது."

"மாமாவை நானா நீக்கறதா?" பீ லெங் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீங்களும் தங்கச்சியும். மே ரெண்டுக்கு முன்னாடி மாமா வெளிய போயிட்டா, விற்க ரெண்டு கையெழுத்து கிடைக்காது. புது ஆளும் சேர்ந்து போட்டாத்தானே விற்க முடியும்?"

தங்கச்சி பீ சான் மெல்பர்னில் இருக்கிறாள். அம்மாவின் காரியத்தில் ஏதோ மனஸ்தாபமாகி அக்காவும் தங்கையும் ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை. பீ லெங் அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்பினாள், அதோடு 'தம்பிக்காக வா' என்று ஒரே ஒரு வரி. பத்து நாளில் பீ சான் விமானம் ஏறி வந்து நின்றாள், புருஷனையும் இழுத்துக்கொண்டு. மாமாவுக்குப் பதிலாக அந்தப் புருஷனே டிரஸ்டி என்று பத்திரம் எழுதி, அக்காவும் தங்கையும் கையெழுத்துப் போட்டு, நானே கொண்டுபோய் மாமாவிடம் கொடுத்தேன். நியோ அக்கா அன்றைக்கு எனக்கு நாசி கண்டார் சோறு வாங்கிக் கொடுத்தார். அந்த மாதிரி அதிசயம் இருபது வருஷத்தில் மூன்று தடவைதான் நடந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை மாமாவின் வக்கீலிடமிருந்து பதில் வந்தது. சின்னக் கடிதம். பத்திரத்தின் கடைசி இணைப்பில் மூன்றாவது வரியைப் பார்க்கவும்: பயனாளியோ பயனாளியின் கணவனோ மனைவியோ டிரஸ்டியாக இருக்கக் கூடாது. நான்காவது வரியையும் பார்க்கவும்: தகுதியான புது ஆளை அதே பத்திரத்தில் நியமிக்காவிட்டால் நீக்கமும் செல்லாது. ஆகவே எங்கள் கட்சிக்காரர் டிரஸ்டியாகவே தொடர்கிறார்.

நியோ அக்கா கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு இழுப்பறையைத் திறந்து தன் குறிப்பேட்டை எடுத்தார். அந்த மூன்றாவது வரியைப் படித்திருக்கிறார், சிவப்புப் பென்சிலில் கோடும் போட்டிருக்கிறார். தாள் நிரம்பிவிட்டது. இரண்டு வரி மிச்சமாகிவிட்டது. சொந்தக்காரனை எவன் போடப் போகிறான் என்று அதை விட்டுவிட்டார். பீ சான் புருஷன் பெயரைப் பத்திரத்தில் எழுதும்போதும் தாளை மட்டும்தான் பார்த்தார், குறிப்பேட்டைத் திறக்கவில்லை.

"தெரியாம விட்டிருந்தா பரவாயில்ல கதிரேசா. தெரிஞ்சே விட்டேன். தாள் அழகா இருக்கணும்னு விட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. வராமல் என்ன செய்யும்? "ஒரு தாள், ஒரு தாள்னு எத்தனை வருஷமா மார் தட்டினீங்க! அந்தப் பையனோட கட்டில் போகப் போவுது, உங்க ஒரு தாளால!" என்று கத்திவிட்டேன். ஆபீசே திரும்பிப் பார்த்தது. அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு, "வண்டியை எடு" என்றார். இப்போது நினைத்தாலும் நான் அப்படிக் கத்தியது வெட்கமாக இருக்கிறது.

மேடம் எழுந்து வந்தார். "நானும்தான் இணைப்பைப் பார்க்காம கையெழுத்து வெச்சேன். போன்ல சொல்லிடலாமே நியோ. எழுத்துல வேற தப்புன்னு ஒத்துக்க வேண்டாம்" என்றார்.

"போன்ல சொல்ற விஷயமா மேடம் இது?" என்றார் நியோ அக்கா. படியிறங்கிவிட்டார்.

பீ லெங் வீட்டு அடுக்களையில் வாழையிலை வெட்டிக்கொண்டிருந்தாள். பூன் கியாட் டப்பாக்களை மடித்து மடித்து அடுக்கிக்கொண்டிருந்தான். ஃபிரிட்ஜ் கதவில் அந்தத் தாள் காந்தத்தில் ஒட்டியிருந்தது. நியோ அக்கா உட்காரக்கூட இல்லை.

"லெங், தப்பு என்னோடது. ரெண்டு வரியை நான் விட்டுட்டேன். உங்க தங்கச்சி புருஷன் டிரஸ்டியா வர முடியாது. அதனால மாமாவோட நீக்கமும் செல்லாமப் போச்சு." விட்டுப்போன இரண்டு வரியையும் அப்படியே வாசித்துக் காட்டினார்.

பக்கத்தில் நின்ற பீ சான் பொங்கிவிட்டாள். "ஞாயித்துக்கிழமை எங்களுக்கு ஃபிளைட்! அங்க போயிட்டா கையெழுத்துக்கு நோட்டரி, தூதரகம்னு இழுத்தடிக்கும். உங்களை நம்பித்தானே வந்தோம்?"

"ஆமா. நம்பித்தான் வந்தீங்க. ஆனா இன்னும் முடிஞ்சு போகல. நாளைக்குள்ள புதுப் பத்திரம் எழுதி மாமா கையில கொடுத்தா முப்பது நாள் ஏப்ரல் கடைசியில முடியும். மே ரெண்டுக்கு முன்னாடியே. உங்க குடும்பத்துல சேராத ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான்."

டிரஸ்டியாக இருக்கும் கம்பெனி ஒன்றை அவர் வரும் வழியிலேயே போனில் விசாரித்துவிட்டார். அவர்கள் சோதனைகளை முடித்து ஏற்றுக்கொள்ளவே மூன்று வாரம் ஆகுமாம். பூன் கியாட்டின் பள்ளித் தலைமையாசிரியை சரிவராது. டிரஸ்டிலிருந்து காசு வாங்குகிற இடம். பெரியம்மா மகன் மாமாவிடம் வேலை பார்க்கிறவன். ஒவ்வொரு பெயராக வந்து போயிற்று. பீ லெங் இலை வெட்டும் கத்தியைக் கீழே வைத்தாள்.

பூன் கியாட் ஒரு டப்பாவை எடுத்து நியோ அக்காவிடம் நீட்டினான். "இது உனக்கு. நீ அழற."

அவர் அழவில்லை என்றுதான் நான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நீங்களே இருங்க அக்கா" என்றாள் பீ லெங்.

"என்னது?"

"டிரஸ்டியா. நீங்க எங்க குடும்பம் இல்லையே."

"உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? இப்பத்தான் தப்பு பண்ணினேன்னு வந்து நிக்கறேன். எனக்கு ஐம்பத்தஞ்சு வயசு. வாழ்க்கை முழுக்க மத்த டிரஸ்டிங்க என்ன செய்யலாம்னு எழுதிக் கொடுத்தவ நான். செஞ்சவ இல்ல."

"தப்பு பண்ணினேன்னு நீங்க வீட்டுக்கு வந்து சொன்னீங்க. மாமா ஒம்பது வருஷத்துல ஒரு தடவை சொன்னதில்ல. அது போதும் எனக்கு."

பீ சான் அக்காவைப் பார்த்தாள், நியோ அக்காவைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள். "சரி. ஆனா இந்தத் தடவை வாலையும் சேர்த்துப் படிச்சிட்டுச் சொல்லுங்க, நீங்க இருக்கலாமான்னு."

நியோ அக்கா நின்ற இடத்திலேயே முழுப் பத்திரத்தையும் வாலிலிருந்து தலைவரைக்கும் வாசித்தார். ஒரு மணி நேரம். நான் மூன்று கோப்பி குடித்தேன். எதிலும் தடையில்லை. டிரஸ்டிக்குச் சம்பளம் கிடையாது, செலவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. "இது வேறயா?" என்று முணுமுணுத்துக்கொண்டே சரி என்றார்.

விஷயத்தைக் கேட்டதும் மேடம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அப்போ இந்த ஃபைல் நம்மகிட்ட இருக்கக் கூடாது. நம்ம ஆளே டிரஸ்டி, நாமளே பயனாளிக்கு வக்கீல்னா நல்லா இல்ல" என்று தெருவின் எதிர் வரிசையில் இருக்கும் வேறொரு வக்கீலுக்கு அன்றைக்கே மாற்றிவிட்டார். சனிக்கிழமை காலை புதுப் பத்திரத்தில் அக்காவும் தங்கையும் கையெழுத்துப் போட்டார்கள். ஏற்றுக்கொள்கிறேன் என்று நியோ அக்காவும் போட்டார். 

மாமாவிடம் கொடுக்க அவரும் என்னோடு வந்தார். எங் சூன் மாமா வாசலிலேயே நிற்க வைத்துப் படித்தார். எழுபத்து நாலு வயது. நான் சண்டைக்குத் தயாராக நின்றேன்.

"நான் அந்தப் பையனுக்குக் கெடுதல் நினைக்கல" என்றார் கடைசியில். "லெங்குக்கும் வயசாவுது. அடுப்படியிலயே கெடக்கறா. நாளைக்கு அவளும் விழுந்துட்டா இவனை யாரு பார்க்கறது? அதான் இருக்கறப்பவே ஒரு இடத்துல சேர்த்துடலாம்னு."

"நல்ல கேள்வி அங்கிள். அதை அவகிட்ட உட்கார்ந்து பேசியிருக்கணும். உனக்குப் புரியாதுன்னு சொன்னீங்களே, அதுதான் தப்பு" என்றார் நியோ அக்கா.

கிழவர் கையில் இருந்த தாளை மடித்தார். "டிரஸ்ட் பத்திரத்தை நான் படிச்சதே இல்ல. வக்கீல் சொன்னதுதான். பள்ளிக்கூடக் காசு கட்டாயம்னு அதுல இருக்கா?"

"இருக்கு."

"அப்படியா..." என்றார். இரண்டாவது பிரதியில் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டுத் தந்தார். தகராறு பண்ணவில்லை. எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஏப்ரல் கடைசியில் முப்பது நாள் முடிந்தது. ஹோட்டல்காரர் வேறு வீடு பார்க்கப் போய்விட்டார். பத்திரத்தோடு வேலை முடிவதில்லை. வீடும் கடைகளும் பழைய டிரஸ்டிகள் பெயரிலிருந்து யாப், நியோ அக்கா பெயருக்கு மாற வேண்டும். நில அலுவலகத்துக்கு மாமா தானே வந்து எல்லாப் படிவத்திலும் கையெழுத்துப் போட்டார். வரிசையில் நிற்கும்போது பூன் கியாட் அவர் கையில் ஒரு ஆங் கூ வைத்தான். அவர் அதைத் தின்றார். யாப் வழக்கம்போல மாமாவின் விரலைத் தேடினார், நியோ அக்கா அவர் கண்ணாடியை எடுத்துக் கொடுத்து, "முதல்ல படிங்க மிஸ்டர் யாப்" என்றார்.

அன்று மத்தியானம் நாங்கள் பீ லெங் வீட்டுக்குப் போனோம். நியோ அக்கா ஃபிரிட்ஜிலிருந்து பழைய தாளைக் கழற்றிவிட்டுப் புதிதாக எழுதியதைக் கொடுத்தார். இரண்டு தாள், பின்பக்கமும் சேர்த்து. இணைப்பில் இருந்த ஒரு வரிகூட விட்டுப்போகவில்லை.

"மீன் சுத்திடாதீங்க" என்றேன் பீ லெங்கிடம். நியோ அக்கா என்னை முறைத்தார்.

பீ லெங் வாசிக்கத் தொடங்கியவள் முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். எப்போதும் கடைசியில் வருவது இந்தத் தடவை தலையில், சிவப்புப் பென்சிலில் அடிக்கோடிட்டு இருந்தது: 'கோர் சுவீ நியோ சரியாக நடக்கவில்லை என்று தோன்றினால், அவரை நீக்குவது எப்படி.'

"அக்கா, இதை எதுக்கு முதல்ல போட்டீங்க?"

"நாளைக்கு நானும் 'உனக்குப் புரியாது'ன்னு சொல்லிட்டா? அப்போ நீங்க தேடிக்கிட்டு இருக்கக் கூடாது, லெங்."

பூன் கியாட் இரண்டு தாளையும் வாங்கி, கதவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, காந்தம் ஒன்றுதான் இருந்ததால் இன்னொன்றைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றான். பீ லெங் போய் இன்னொரு காந்தம் எடுத்து வந்தாள்.